புதுப்பிப்பு: ஐஸ் விலையேற்றத்தைப் படகுக்காரர்களிடம் சொன்ன விதம்

என் பழைய கேள்வி: "மண்டபத்தில் படகுகளுக்குக் கடனில் ஐஸ் தருகிறோம். கட்டிக்கு 10 ரூபாய் ஏற்ற வேண்டும். மனம் கோணாமல் எப்படி எழுதுவது?"

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. தொண்டி அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது: தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பும் நாளிலிருந்து புது விலை, தகவல் ஒரு மாதம் முன்பே. மே 14 அன்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஐஸ் உடைக்கும் மெஷினுக்கு மேலேயும் ஒட்டினேன்:

"ஜூன் 15 முதல் போடும் பில்லில் கட்டி 110 ரூபாய். அதுவரை எடுக்கும் ஐஸுக்கும் பழைய பாக்கிக்கும் 100 ரூபாய்தான். கரண்ட் பில்லும் அமோனியா செலவும் கூடிவிட்டன."

காரணத்தை விரிவாக எழுதச் சொன்னார் ஒருவர். காரணம் வேண்டும்தான், ஆனால் என் முதல் வரைவில் அரைப்பக்கக் காரணத்துக்குள் தேதியே மறைந்துபோனது. ஏல விலை பற்றி எழுதிய கீழக்கரை அக்காவுக்கு: மீன் விலை அன்றன்று மாறும், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கடன் பில் அப்படியில்லை.

எதிர்பாராதது இதுதான். கடன் வைத்திருந்த 19 படகில் நான்கு பேர் நேரில் வந்தார்கள். பத்து ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை; "பழைய பாக்கியையும் ஏத்திருவியளோ?" என்றே கேட்டார்கள். நோட்டைத் திறந்து 100 என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். இரண்டு பேர் அங்கேயே பாதி கட்டினார்கள். ஒரு படகு வேறு கம்பெனிக்குப் போய்விட்டது.

ஏப்ரலிலேயே முன்பணம் தந்த நாட்டுப்படகுக்காரர் ஒருவர், அது தீரும்வரை பழைய விலை கேட்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.