புதுப்பிப்பு: பெண் வீட்டாருக்கு எழுதிய கலியாண வரவேற்புச் சமையல் முன்மொழிவு

முன்பு கேட்டது: “கிளிநொச்சியில் 300 பேருக்கு வரவேற்பு. ஆட்தொகை கூடினால், குறைந்தால் காசை எப்படி எழுதுவது?”

வவுனியாவில் சமையல் குழு நடத்தும் அண்ணர் சொன்னபடி, 300 என்பதை உறுதித் தொகையாக எழுதினேன். குறைவாக வந்தாலும் 300 பேருக்குரிய பணம் தர வேண்டும். மேலதிகமாக 30 பேர் வரை அதே விலை, அதற்கு மேல் எங்களால் பொறுப்பேற்க முடியாது. ஒருவருக்கு 1,800 ரூபாய் வீதம் மொத்தம் 5,40,000. திகதியை உறுதிசெய்ய 1,08,000, வரவேற்புக்குப் பத்து நாள் முன் ஆட்தொகையை முடிவுசெய்யும்போது 2,70,000, வரவேற்புக்கு முதல்நாள் மாலை 1,62,000. மேலதிக ஆட்களுக்கானது மறுநாள்.

என் கேள்விக்குப் பதில் எழுதியவர்களில், முழுப் பணத்தையும் முன்னரே வாங்கச் சொன்னவர் கூறியதில் பாதி சரி: இறைச்சி, மரக்கறி வாங்கும் காசு முன்னரே கையில் இருக்க வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் கேட்டால் பெண் வீட்டாருக்கு எந்தப் பிடிமானமும் இராது.

தன் மகளின் கலியாணத்தில் சைவக்காரருக்குக் கடைசியில் சோறும் பருப்பும்தான் மிஞ்சியது என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். கேள்விக்கு அது விடையன்று. எனினும் சைவத்துக்குத் தனி அடுப்பு, தனி மேசை, 80 பேர் என்று பிரித்து எழுதியதற்கு அதுவே காரணம். சாப்பாட்டு மண்டபத்தில் 110 பேரே இருக்கலாம் என்பதால் மூன்று பந்திகள் எனவும், முதற்பந்தி முதியோருக்கும் தூரத்திலிருந்து வருவோருக்கும் எனவும் குறித்தேன்.

பெண்ணின் தாய்மாமன் ஒரே கேள்விதான் கேட்டார்: துக்கம் நேர்ந்து நாள் தள்ளிப்போனால் முற்பணம் என்னாகும்? புதிய நாளுக்கு மாற்றலாம் என்றேன். எத்தனை மாதத்துக்குள் என்பது இன்னும் பேச்சிலேயே இருக்கிறது.