கிராஃபிக்ஸ் கார்டோட சொந்த மெமரி, அதான் வி-ரேம், நிரம்பி வழிஞ்ச அனுபவம் யாருக்கெல்லாம் இருக்கு?

இரவுப்பேருந்து:
கார் ஓட்டுற கேம் ஒண்ணு. பேரு வேணாம், சொன்னா பேச்சு அங்கேயே போயிடும். 8 ஜிபி கார்டு, 1440 திரை, டெக்ஸ்ச்சர் மட்டும் அல்ட்ரா, மத்ததெல்லாம் மீடியம். அரை மணி நேரம் வழுக்கிக்கிட்டு ஓடுச்சு. நெடுஞ்சாலையை விட்டு நகரத்துக்குள்ள இறங்கினதும், யாரு துரத்துறான்னு பார்க்க கேமராவைப் பின்னாடி திருப்பினேன். படம் நின்னுடுச்சு. நின்னு, குதிச்சு, திரும்ப நின்னுச்சு. கார் அதுக்குள்ள சுவத்துல.

மூலையில எஃப்பிஎஸ் 62ன்னு காட்டுது! 62ல எவனுக்கும் இப்படித் திக்காது. வெளியே வந்து டாஸ்க் மேனேஜர்ல பார்த்தா `Dedicated GPU memory` 7.8/8.0, அதுக்குக் கீழே `Shared GPU memory` 1.9. மறுபடி உள்ளே போனா முன்னாடி பார்க்குற வரைக்கும் சரி, திருப்பினா திக்குது. கேமை மூடித் திறந்தா கொஞ்ச நேரம் ஒழுங்கா இருக்கு, அப்புறம் பழைய கதை. அந்த 62 தான் இன்னும் உறுத்துது. வேற யாருக்காவது இப்படி ஆச்சா?

கோப்பி_ஓ_கொசோங்:
இது ஷேடர் கம்பைல் ப்ரோ, படம் வரையிற நிரலை உங்க கார்டுக்கு ஏத்தபடி கேம் ஓடும்போதே மாத்துறது. வி-ரேம் இல்ல. புது கேம் எல்லாமே இப்படித்தான் திக்கும். எனக்கும் ஒரு பேய் கேம்ல கதவைத் திறந்தா ஒவ்வொரு தடவையும் நின்னுச்சு, ரெண்டாவது ரவுண்டுல தானா போயிடுச்சு. ஆளாளுக்கு வி-ரேம் வி-ரேம்னு கத்தி கார்டு விலையை ஏத்தி விடுறீங்க லா.

இரவுப்பேருந்து:
உங்களுக்கு ரெண்டாவது ரவுண்டுல போயிடுச்சு. எனக்கு அதே தெரு, அதே திருப்பம், ஒவ்வொரு ரவுண்டுலயும் திக்குது. போகப்போக அதிகம்தான் ஆகுது. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?

மண்பானை:
இங்கே ஒரு ஸ்டூடியோவில் டெக்ஸ்ச்சர் வேலைதான் பார்க்கிறேன். கொசோங் சொல்ற திக்கலும் உண்மைதான். ஆனா ஷேடர் ஒருமுறை கம்பைல் ஆகி வட்டுல உட்கார்ந்துட்டா, அதே வெடிப்பு, அதே கதவு அடுத்த முறை திக்காது. பேருந்துக்கு நடக்கிறது திரும்பத் திரும்ப வருது, நேரம் ஆக ஆகக் கூடுது, கேமை மூடித் திறந்தா கொஞ்சம் அடங்குது. கூடவே ஷேர்டு மெமரி 1.9 ஏறியிருக்கு. இது வழிஞ்சதோட அடையாளம்.

ஏன் டெக்ஸ்ச்சர் மேல பழி விழுதுன்னு ஒரு சுவரை வச்சுச் சொல்றேன். பக்கத்துக்கு 4096 புள்ளி உள்ள ஒரு டெக்ஸ்ச்சரை அப்படியே வச்சா 64 எம்பி. யாரும் அப்படி வைக்கிறதில்ல, பிசி7ன்னு ஒரு முறையில அமுக்கி வைப்போம். அப்போ 16 எம்பி. தூரத்துக்குத் தேவையான சின்னச் சின்னப் பிரதிகளும் கூடவே போகும், அதுக்கு மூணுல ஒரு பங்கு சேர்த்தா 21. ஒரு சுவருக்கு நிறம் மட்டும் போதாது. மேடு பள்ளத்துக்கு ஒண்ணு, பளபளப்புக்கு ஒண்ணுன்னு மூணு டெக்ஸ்ச்சர் ஆகுது. ஆக ஒரே ஒரு சுவர் வகை 64 எம்பி. நகரத்துல நூறு வகைப் பரப்பு கண்ணுல பட்டா 6.4 ஜிபி. இதுல காரும் இல்ல, மனுஷனும் இல்ல, நிழலும் இல்ல.

அதையே 2048க்கு இறக்கினா பாதி ஆகாது, கால்வாசி ஆகும். 6.4 இருந்த இடத்துல 1.6. அல்ட்ராவிலிருந்து ஒரு படி இறங்கினா நிலைமை சட்டுன்னு மாறுறது இதனாலதான். 1440 திரைக்கு அகலமே 2560 புள்ளி. சுவத்துல மூக்கை உரசினாத்தான் அந்த 4096ல பாதியாவது தெரியும். வரைஞ்சவன் நானே சொல்றேன், ஓடுற காருல இருந்து யாருக்கும் தெரியாது.

இப்போ அந்த 62. போர்டுல கார்டு செருகியிருக்கிற பிசிஐஇ ஸ்லாட் எந்தத் தலைமுறை?

இரவுப்பேருந்து:
மூணாவது. போர்டு பழசு, கார்டு மட்டும் மாத்தினேன். 16 லேன்.

மண்பானை:
அப்போ கணக்கு இன்னும் தெளிவு. இந்த ரகக் கார்டுகள்ல சில, தன்னோட மெமரியை விநாடிக்கு 448 ஜிபி வேகத்துல படிக்கும். வழிஞ்சது எங்கே போச்சு? உங்க கம்ப்யூட்டர் ரேமுக்கு. அங்கிருந்து ஸ்லாட் வழியாத்தான் வரணும், அதோட உச்சமே விநாடிக்கு 16 ஜிபிதான். 60 எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு ஃப்ரேம்னா 16.7 மில்லிசெகண்ட். அந்த நேரத்துல ஸ்லாட் வழியா வரக்கூடியது கிட்டத்தட்ட 270 எம்பி, அதுவும் எல்லாம் சரியா நடந்தா. கேமராவைத் திருப்பினதும் பின்னாடி இருக்கிற தெரு மொத்தமும் உடனே வேணும். 1.5 ஜிபி வேணும்னு வச்சுக்குங்க, 94 மில்லிசெகண்ட் ஆகும். அதாவது ஆறு ஃப்ரேம் அளவுக்குப் படம் நிக்கும். வர்றதுக்கு இடம் விட, உள்ளே இருக்கிற வேற எதையாவது வெளியே தள்ளணும். அடுத்த திருப்பத்துல தள்ளினதே மறுபடி வேணும்.

62ங்கிறது ஒரு விநாடியில எத்தனை படம்னு எண்ணிச் சொல்றது. மத்த படமெல்லாம் 14 மில்லிசெகண்டில் வந்து, நடுவுல ஒண்ணே ஒண்ணு 150 எடுத்தாலும் சராசரி அறுபதுக்கு மேலேயே நிக்கும். கண்ணு அந்த ஒண்ணைத்தான் பார்க்கும். அதனால எஃப்பிஎஸ் எண்ணை அணைச்சுட்டு ஃப்ரேம்டைம் கோடு போடுங்க. வழியும்போது அது முள்ளு முள்ளா நிக்கும். அந்த நேரத்துல கார்டு இழுக்குற வாட்டும் விழும், ஏன்னா அது வேலை செய்யல, சரக்கு வரக் காத்துக்கிட்டிருக்கு.

செங்காங்_அம்மா:
வணக்கம். என் மகன் தேசிய சேவையிலிருந்து வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் இதே குறைதான் சொல்கிறான். ஆனால் அவனுடைய கணினியில் 32 ஜிபி இருக்கிறது என்று கடைக்காரர் எழுதியே கொடுத்திருக்கிறார். 8க்கே இப்படி என்றால் 32 இருந்தும் ஏன் திக்குகிறது? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

மண்பானை:
ஏமாத்தலக்கா. அந்த 32 கம்ப்யூட்டரோட ரேம். இங்கே பேசுறது கார்டுக்குள்ளேயே ஒட்டியிருக்கிற தனி மெமரி, அதைக் கூட்ட முடியாது. 32 இருக்கிறதால, வழியிறப்போ கேம் விழுந்து மூடாம எப்படியோ நகரும், அவ்வளவுதான். தம்பிகிட்ட டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு பக்கத்தைத் திறந்து `Dedicated` எத்தனைன்னு பார்க்கச் சொல்லுங்க.

பாலி_முடிச்சவன்:
எனக்கு நேர் எதிரா நடந்துச்சு. திக்கவே இல்ல, ஆனா மூஞ்சி உருகிடுச்சு. 6 ஜிபி லேப்டாப். கதாநாயகி பக்கத்துல வந்து அழுற காட்சி, கண்ணு மூக்கு எல்லாம் களிமண்ணு. அஞ்சு விநாடி கழிச்சு டக்குன்னு முகம் தெளிஞ்சுச்சு, அதுக்குள்ள வசனமே முடிஞ்சு போச்சு. செட்டிங்ல "அல்ட்ரா"ன்னுதான் இருக்கு!

கேம்ப்ல ஒருத்தன் `Engine.ini`ல இதைப் போட்டுக் கொடுத்தான்:

```
[SystemSettings]
r.Streaming.PoolSize=6000
```

முகம் தெளிவாயிடுச்சு. ஆனா அதுக்கப்புறம் பேருந்து சொல்ற அதே திக்கல் வந்துடுச்சு. இது எப்படி?

மண்பானை:
ரெண்டும் ஒரே பற்றாக்குறைதான். சில எஞ்சின் டெக்ஸ்ச்சருக்குன்னு ஒரு ஒதுக்கீடு வச்சுக்கும். அது நிறைஞ்சா பெரிய பிரதியை ஏத்தாம சின்னதை வச்சே ஓட்டும். படம் மங்கும், ஓட்டம் கெடாது. அந்த எண் எம்பியில இருக்கு. 6 ஜிபி கார்டுல டெக்ஸ்ச்சருக்கு மட்டும் 6000ன்னு சொன்னா, நிழலுக்கும் மத்ததுக்கும் இடம் எங்கே? எஞ்சின் நம்பி ஏத்தும், விண்டோஸ் வழிய விடும். மங்கலைக் கொடுத்துத் திக்கலை வாங்கியாச்சு. உங்க கார்டுக்கு 2500, 3000ன்னு ஆரம்பிச்சு, ஷேர்டு எண் ஏறாத இடத்துல நிறுத்துங்க.

தேக்கா_மூலை:
இவ்வளவு பேச்சு எதுக்கு? டிஎல்எஸ்எஸ் போடுங்க, வி-ரேம் பாதியாயிடும். கூடவே ஃப்ரேம் ஜெனரேஷன் போடுங்க, திக்கல் ஓடியே போயிடும். நான் அப்படித்தான் பண்ணேன், என் துப்பாக்கி கேம் கொஞ்சம் அடங்குச்சு.

இன்னொண்ணு, கார்டு வாங்குறவங்களுக்குச் சொல்றேன். சிம் லிம் ஸ்கொயருக்குப் போனா முதல் மாடியில பார்த்த விலைக்கே தலையாட்டாதீங்க, மேலே ஏறிக் கேட்டுட்டு இறங்குங்க. பழசு வாங்குறதுன்னா விற்கிறவர் வீட்டு புளோக் கீழே வச்சுக் கைமாத்தாதீங்க, ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, கால் மணி நேரமாவது. மைனிங்ல இருந்த கார்டான்னு கேளுங்க, உண்மை சொல்ல மாட்டாங்க, இருந்தாலும் கேளுங்க. விசிறிச் சத்தத்தைக் கவனிங்க. நம்ம ஊர் வெக்கையில ரொம்ப நாள் சூடா ஓட்டினதுன்னா தெர்மல் பேடுல எண்ணெய் கசிஞ்சிருக்கலாம், அதையும் பாருங்க. பெட்டி, ரசீது ரெண்டும் இருந்தா விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்ல. பவர் சப்ளையை மறக்காதீங்க. என் மச்சான் அதை மறந்துட்டு…

கோப்பி_ஓ_கொசோங்:
அண்ணே, யாரும் கடைக்கு வழி கேக்கல.

மண்பானை:
மூலை சொன்னதுல பாதி சரி. டிஎல்எஸ்எஸ் போட்டா உள்ளே வரையிற படம் சின்னதாகும், அதுக்கான பஃபர்கள் சுருங்கும். 1440ல அப்படி ஒரு பஃபர் சுமார் 30 எம்பி, அது மாதிரி பல இருக்கும். சில நூறு எம்பி மிச்சமாகலாம். துளியூண்டு வழியிறவருக்கு அதுவே போதும், உங்களுக்கு அப்படித்தான் அடங்கியிருக்கும். ஆனா டெக்ஸ்ச்சர் அப்படியேதான் இருக்கும், பாதியாகாது. ஃப்ரேம் ஜெனரேஷன் தனியா மெமரி கேக்கும், வழியிற கார்டுல அதைப் போட்டா இன்னும் மோசம்.

இரவுப்பேருந்து:
டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கி ஹை வச்சேன். மெனுவுல மாத்தினதும் வித்தியாசம் இல்ல, கேமை மூடித் திறந்தப்புறம்தான் ஷேர்டு 0.3க்கு வந்துச்சு. பிரவுசரையும் டிஸ்கார்டையும் மூடினதுல அரை ஜிபி கிட்ட மிச்சம். ஃப்ரேம்டைம் கோடு படுத்துடுச்சு. எஃப்பிஎஸ் 64. அல்ட்ராவுக்கும் ஹைக்கும் சராசரி ரெண்டே ரெண்டுதான் மாறியிருக்கு.

ஆனா ஒரு மேம்பாலத்துல மட்டும் இன்னும் ஒரு குத்து விழுது. அங்கே ஷேர்டு ஏறல.

கோப்பி_ஓ_கொசோங்:
சொன்னேன்ல. ஷேடர்.

மண்பானை:
ஒவ்வொரு தடவையும் விழுதா? விழுந்தா ஷேடர் இல்ல. வட்டிலிருந்து அடுத்த பகுதியை ஏத்துற இடமா இருக்கலாம், பார்க்காம சொல்ல முடியாது. கேம் வன்தட்டுலயா, எஸ்எஸ்டியிலயா?

பாலி_முடிச்சவன்:
3000 வச்சேன். திக்கல் இல்ல. முகம் தெளிய ரெண்டு விநாடி ஆகுது, அது எனக்கு ஓகே. ஆனா என் நண்பன் அதே லேப்டாப், அதே எண், அவனுக்கு இன்னும் மங்கல்தான். அவன் வெளியே 4கே மானிட்டர் மாட்டியிருக்கான், அதுவா இருக்குமா?

செங்காங்_அம்மா:
மகன் பார்த்துச் சொன்னான். Dedicated 8, வழியவில்லையாம். 5.1தான் காட்டுகிறதாம். அப்படியும் திக்குகிறது.

மண்பானை:
அப்போ அக்கா, உங்க வீட்டுக் கதை வேற. கார்டு மேல கை வைக்காதீங்க. தனி இழையாப் போடுங்க, எந்த கேம், எப்ப திக்குதுன்னு தம்பியையே எழுதச் சொல்லுங்க.