கல்லாப் பணம் சரி, ஃப்ளோட்டில் மட்டும் 4,000 குறைகிறது: எங்கே தேடுவது?

புதுக்கடை:
மொபைல் வாலட் ஏஜென்ட் வேலை எடுத்து அதிக நாள் ஆகவில்லை. காலையில் கல்லாவில் 25,000, ஏஜென்ட் கணக்கில் ஃப்ளோட் இருப்பு 35,000, ஆக 60,000 வைத்துக் கடையைத் திறந்தேன். நோட்டில் எழுதியபடி அன்று பணம் போட்டவர்கள் மொத்தம் 26,500, எடுத்தவர்கள் 13,000. இரவு எண்ணினால் கல்லாவில் 38,500 இருக்கிறது, ஆனால் ஃப்ளோட் 17,500தான். இரண்டையும் கூட்டினால் 56,000. மீதி 4,000 எங்கே போனது? முதல் மொத்தமும் கடன் வாங்கிப் போட்டது, அதனால் தூக்கம் வரவில்லை.

சந்தைமுனை:
கமிஷனோ கட்டணமோ பிடித்திருப்பார்கள். அவ்வளவுதான். என் கணக்கிலும் மொத்தம் முன்னே பின்னே ஆகும்.

பழைய ஏஜென்ட்:
கமிஷனால் மொத்தம் மாறும் என்பது சரிதான், ஆனால் அது கூடும், குறையாது. சில நிறுவனங்கள் கமிஷனைத் தனிக் கணக்கில் சேர்த்து மாதக் கடைசியில் தருகின்றன, சில உடனே ஃப்ளோட்டில் போடுகின்றன. பணம் எடுக்கும் கட்டணம் வாடிக்கையாளரின் வாலட்டிலிருந்துதான் போகும்.

புதுக்கடை, உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் பணம் போட்டால் கல்லா ஏறும், அதே அளவு ஃப்ளோட் இறங்கும். எடுத்தால் தலைகீழ். அதனால் கமிஷன் தவிர மொத்தம் அசையக் கூடாது. கல்லாவில் 25,000 + 26,500 − 13,000 = 38,500 வர வேண்டும், வந்திருக்கிறது. அப்படியென்றால் ரொக்கம் எண்ணியதில் பிழை இல்லை. ஃப்ளோட் 35,000 − 26,500 + 13,000 = 21,500 இருக்க வேண்டும். குறை அங்கேதான்.

ஃப்ளோட் மட்டும் குறைந்தால் நான் முதலில் பார்ப்பது இரண்டு காரணங்களை. ஒன்று, நெட்வொர்க் திணறும்போது போகவில்லை என்று நினைத்து அதே தொகையை இரண்டாம் முறை அனுப்புவது. இன்னொன்று, போலிக் குறுஞ்செய்தியை நம்பி, உண்மையில் நடக்காத எடுப்புக்குப் பணம் கொடுத்துவிடுவது. இரண்டிலும் குறை ஒரே மாதிரி தெரியும். பிரித்துப் பார்க்க ஏஜென்ட் கணக்கின் ஸ்டேட்மென்டை எடுத்து நோட்டோடு வரிவரியாக டிக் அடியுங்கள். ஸ்டேட்மென்டில் இருக்கும் வரி நோட்டில் இல்லாவிட்டால் இரட்டை அனுப்பல். நோட்டில் இருக்கும் எடுப்பு ஸ்டேட்மென்டில் இல்லாவிட்டால், வந்த செய்தி போலி.

ஆற்றோரம்:
எனக்கும் இதேதான் அண்ணா! ஒரு எண் மாற்றி அடித்து யாருக்கோ போய்விட்டது. திரும்ப வாங்க முடியுமா?

பழைய ஏஜென்ட்:
தம்பி, உங்கள் பிரச்சினை வேறு. அது ஸ்டேட்மென்டில் வேறு எண்ணோடு இருக்கும். பரிவர்த்தனை எண்ணை வைத்துக்கொண்டு இப்போதே வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிடுங்கள். வாங்கியவர் இன்னும் எடுக்கவில்லை என்றால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. எடுத்துவிட்டால் கஷ்டம்.

புதுக்கடை:
டிக் அடித்துப் பார்த்தேன். மாலை கூட்டத்தில் ஒருவர் 4,000 எடுத்ததாக நோட்டில் இருக்கிறது, ஸ்டேட்மென்டில் இல்லை. ஆனால் குறுஞ்செய்தி என் போனுக்கே வந்ததே! இப்போதும் இருக்கிறது.

பழைய ஏஜென்ட்:
அதில் இருப்பு எவ்வளவு என்று போட்டிருக்கிறது? அதற்கு முந்திய செய்தியிலும் பிந்திய செய்தியிலும்?

புதுக்கடை:
முந்தியதில் 19,100. இதில் 26,350. அடுத்து ஒருவர் 1,000 போட்டார், அதில் 18,100. கடைசியாக 600 போட்டவரோடு 17,500.

பழைய ஏஜென்ட்:
சரி, அதுதான். உண்மையான எடுப்பாக இருந்தால் 19,100 + 4,000 = 23,100 வந்திருக்கும். 26,350 யாரோ தட்டிய எண். அடுத்த செய்தி 19,100லிருந்து நேராக 18,100க்குப் போகிறது, நடுவில் எதுவுமே நடக்கவில்லை. செய்தியில் அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள், அநேகமாக சாதாரண எண் ஒன்று ஒளிந்திருக்கும். அனுப்பியவர் பெயரையே போலியாகக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள், அதனால் பெயர் சரியாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

இனி எடுப்பு என்றால், ஏஜென்ட் மெனுவில் இருப்பைத் திறந்து தொகை ஏறியதைப் பார்த்த பிறகே கல்லாவைத் திறங்கள். வாடிக்கையாளர் தன் போனை நீட்டிக் காட்டுவது போதாது. வரிசை நீளமானாலும் பரவாயில்லை, அவசரப்படுத்துபவரிடம்தான் அதிக நேரம் எடுக்க வேண்டும்.

சந்தைமுனை:
அப்போ நிறுவனத்திடம் கேட்டால் 4,000 திரும்பக் கிடைக்காதா? நடந்ததற்கு ஆதாரம் இருக்கிறதே.

பழைய ஏஜென்ட்:
அவர்கள் அமைப்பில் பரிவர்த்தனையே இல்லை, எதைத் திருப்புவார்கள்? ஆனாலும் செய்தியை அழிக்காமல் புகார் கொடுங்கள். போலீஸிலும் கொடுங்கள். எண்ணைக் கண்டுபிடிப்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்று. ஃப்ளோட் 17,500க்கு இறங்கிவிட்டது, கல்லாவில் 38,500 தூங்குகிறது. நாளையும் போடுபவர்கள் அதிகம் வந்தால் மதியத்துக்குள் கையை விரிக்க வேண்டியிருக்கும். காலையிலேயே 15,000 போல வங்கியிலோ உங்கள் பெரிய ஏஜென்டிடமோ கொடுத்து ஃப்ளோட் வாங்கிவிடுங்கள்.

புதுக்கடை:
செய்தியை அமுக்கிப் பார்த்தேன், பத்து இலக்க எண் ஒன்று வருகிறது. அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா, அல்லது புகாருக்கு முன்னால் தொடவே கூடாதா?

பழைய ஏஜென்ட்:
கூப்பிடாதீர்கள். சிம்மைத் தூக்கிப் போட்டுவிடுவான்.

ஆற்றோரம்:
என் பணம் தவறிப்போன எண்ணை நான் கூப்பிட்டேன் அண்ணா, வாங்கியவர் எடுத்துத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?