மூணு பேப்பர்லயும் எண்ணிக்கை ஒத்துப்போச்சு, ஆனா பொட்டி குறையுது: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கங்கைகொண்டான் கணக்கு அக்கா:
நா இங்க சிப்காட் பக்கம் ஒரு தின்பண்ட கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கேன். போன மாசம் அட்டைப்பொட்டி 5,000, அஞ்சு ப்ளை, ஒண்ணு 18 ரூவான்னு பர்ச்சேஸ் ஆர்டர், அதான் பி.ஓ, போட்டோம். திங்கக்கெழம லோடு வந்துச்சு, வியாழக்கெழம பில்லு என் மேசைக்கு வந்துச்சு. 5,000 பொட்டி, ரேட்டு 18.60, அதோட ஏழு ப்ளைன்னு அடிச்சிருந்தாங்க. சரி டைப்பிங் தப்புன்னு நெனச்சு சரக்கு வந்ததுக்கு ஸ்டோர்ல எழுதுத ஜிஆர்என் சீட்ட எடுத்துப் பாத்தா அதுலயும் ஏழு ப்ளை! குடோனுக்குப் போயி ஒரு பொட்டிய கிழிச்சுப் பாத்தேன், அஞ்சு ப்ளைதான் இருக்கு. அப்பதான் பக்குன்னுச்சு, ஸ்டோர்காரரு பொட்டிய பாக்காம பில்லப் பாத்து ஜிஆர்என் எழுதியிருக்காரு, அப்ப அந்த 5,000ங்கிற எண்ணிக்கையும் பில்லுல இருந்து வந்ததுதான?

200 கட்டும் பிரிக்காம அப்டியே கெடந்துச்சு, ரெண்டு புள்ளைங்கள வச்சு எண்ணுனோம். கட்டுக்கு 25 இருக்கணும், 80 கட்டுல சரியா இருக்கு, மீதி 120 கட்டுல 24தான். மொத்தம் 4,880. இதுக்கு முன்னாடி வந்த லோடெல்லாம் எப்டின்னு நெனச்சா இன்னும் வயிறு கலங்குது.

பாளை தம்பி:
அக்கா பில்ல மொத்தமா நிறுத்தி வச்சிருங்க, பணம் வரலன்னா அவங்களே ஓடி வருவாங்க. நாங்க அப்டித்தான் பண்ணுதோம்.

பேட்டை அண்ணாச்சி:
தம்பி, நிறுத்துதது சரிதான், ஆனா சும்மா வாய மூடிக்கிட்டு நிறுத்தக்கூடாது. பொட்டி செய்யுதவங்க அனேகமா உத்யம் பதிவு உள்ள சின்ன யூனிட்டா இருப்பாங்க. அவங்களுக்குப் பணம் குடுக்க எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுதான் உச்சவரம்பு, இல்லன்னா 15 நாளு. தாண்டுனா வட்டி ஏறும், வருசக் கடைசிக்குள்ளயும் குடுக்கலன்னா அந்தச் செலவ இன்கம்டாக்ஸ்ல அந்த வருசம் கழிக்க முடியாது. சரக்குல கொற இருந்தா வந்த நாள்ல இருந்து 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் அனுப்பணும், அனுப்பிட்டா அவங்க அத சரி பண்ணுத நாள்ல இருந்துதான் கெடு ஓடும். போன்ல பேசுனது இதுக்கு உதவாது பாத்துக்கிடுங்க. நா ஒருக்க போன்லயே பேசிட்டு விட்டு நல்லா மாட்டிக்கிட்டேன்.

அக்கா, கொறைய ரெண்டாப் பிரிங்க. எண்ணிக்கை ஸ்டோர் சங்கதி, ரேட்டு பர்ச்சேஸ் சங்கதி, ரெண்டையும் ஒரே மெயில்ல கலந்தா ஒண்ணும் முடியாது.

தென்காசி கடைக்காரன்:
எங்களுக்கும் இதே கததான். வெங்காயம் மூட்டைக்கு ஒண்ணர கிலோ கொறையுது, வழியில காஞ்சிருச்சுன்னு சொல்லுதான். இதுக்கு யாருகிட்ட பி.ஓ கேக்க?

பேட்டை அண்ணாச்சி:
உங்களது வேற கத அண்ணாச்சி. காயுத சரக்குக்கு இவ்வளவு கழிவுன்னு முன்னாலயே பேசி வச்சுக்கிடணும். பொட்டி காயாது, அதுல கொற வந்தா கொறதான்.

கங்கைகொண்டான் கணக்கு அக்கா:
அண்ணாச்சி சொன்ன மாதிரியே பிரிச்சேன். பில்லு வரிக்கு முன்னால 93,000. நாங்க குடுக்க வேண்டியது 4,880ஐ 18ஆல பெருக்குனா 87,840. வித்தியாசம் 5,160, அதுல வராத 120 பொட்டிக்கு 2,232, மீதி 2,928 ரேட்டுல வந்தது. அஞ்சாவது நாளே எண்ணுன சீட்டு, கட்டு போட்டோவோட ரெண்டு மெயிலு தனித்தனியா போட்டாச்சு. எண்ணிக்கைக்கு கிரெடிட் நோட் தாரேன்னு ஒத்துக்கிட்டாங்க. வராத சரக்குக்கு ஜிஎஸ்டி கிரெடிட் எடுக்கக்கூடாதுன்னு அந்தப் பங்க நா எடுக்கல.

ரேட்டுலதான் சிக்கல். காயிதம் வெல ஏறிருச்சு, உங்க பர்ச்சேஸ் சார் போன்ல சரின்னாருன்னு சொல்லுதாங்க. சார்கிட்ட கேட்டா அடுத்த ஆர்டருக்குத்தான் சொன்னேங்காரு. பி.ஓல திருத்தம் கையெழுத்தாகி வராம நா 18க்கு மேல ஒரு பைசா விடமாட்டேன்னு சொல்லிட்டேன். தகராறு இல்லாத 87,840ஐ மட்டும் வரியோட அனுப்பியாச்சு.

பாளை தம்பி:
அக்கா ஸ்டோர்காரர என்ன பண்ணுனீங்க?

கங்கைகொண்டான் கணக்கு அக்கா:
அவர ஒண்ணும் சொல்லல தம்பி. லாரிக்காரன் அவசரப்படுத்துவான், கையில பில்லு இருந்தா யாரும் அதப் பாத்துத்தான் எழுதுவாங்க. இப்ப ஸ்டோருக்குப் போற பி.ஓ காப்பியில எண்ணிக்கைய மறைச்சுட்டோம், சரக்கு பேரு மட்டும் இருக்கும். பில்லும் சலானும் கேட்லயே வாங்கி அக்கவுண்ட்ஸுக்கு வந்துரும். அவரு எண்ணித்தான் எழுதணும். பொட்டின்னா பத்து கட்டுக்கு ஒண்ணு பிரிச்சு எண்ணுதாரு, ஒண்ணு கொறஞ்சாலும் எல்லாத்தையும் எண்ணணும்.

பேட்டை அண்ணாச்சி:
நல்லது. பழைய ஜிஆர்என்னையும் எடுத்துப் பாருங்க. வருசம் பூரா ஒரு லோடுல கூட கூடுதலோ கொறைவோ இல்லாம பில்லோட ஒட்டிக்கிட்டே வந்திருந்தா, அந்த சப்ளையர் லோட முதல்ல எண்ணுங்க.

கங்கைகொண்டான் கணக்கு அக்கா:
பாத்தேன் அண்ணாச்சி. இவங்க லோடு 14, பதினாலும் அச்சு பிசகாம 5,000. அந்தப் பொட்டியெல்லாம் தீந்துபோச்சு, இனி எதவச்சு கேக்க?