மறுபக்க எழுத்து தெரிவதற்கு என்ன சொல்?

செ.: வணக்கம். வீட்டுக் கடிதங்களைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்ய ஒரு கையேடு எழுதுகிறேன். ஏர்மெயில் தாளைப் படம் எடுத்தால் பின்பக்க எழுத்தும் இடவலம் மாறித் தெரிகிறது. ஆங்கிலத்தில் ஷோ-த்ரூ. 'மைக்கசிவு' என்று போடலாமா?

த.: வேண்டாம். பவுண்டன் பேனா மை தாளில் ஊறி இந்தப் பக்கமே வந்துவிட்டால்தான் கசிவு. நீங்கள் சொல்வதில் மை பின்பக்கத்தில்தான் இருக்கிறது. தாள் மெல்லிசு. ஒளி அதைக் கடந்துபோய், அடியிலுள்ள வெள்ளை விரிப்பில் பட்டுத் திரும்பும்போது அந்த எழுத்தையும் காட்டிவிடுகிறது.

கடிதத்துக்கு அடியில் கறுப்பு சார்ட் தாளை வைத்துப் பாருங்கள். எழுத்து மங்கினால் ஷோ-த்ரூ, அப்படியே நின்றால் கசிவு. பெரியப்பா பினாங்கிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றில் இப்படி வைத்ததும் பின்பக்கம் ஏறக்குறைய மறைந்தது. பேனாவை ஊன்றிப் போட்ட கையெழுத்து மட்டும் போகவில்லை, அது ஊறியது. தாள் முழுக்கக் கொஞ்சம் சாம்பல் பூத்தது, வெளிச்சத்தை ஏற்றியதும் சரியாயிற்று. மடித்த தாள் என்றால் கறுப்பை மடிப்புக்குள்ளே நுழைக்க வேண்டும்.

வி.: இவ்வளவு எதற்கு? செயலியில் கறுப்பு-வெள்ளை ஃபில்டர் போட்டால் போய்விடுமே. சொல்லும் சுலபம்: 'பின்னிழல்'.

த.: வெளிறிய பின்னெழுத்து என்றால் போகும். அந்த ஃபில்டர் ஓர் அளவுக்கு மேல் கறுத்ததை முழுக்கறுப்பாக்கும், மீதியை வெள்ளையாக்கும். பின்னெழுத்து அழுத்தமாக இருந்தால் நிஜ எழுத்தோடு கலந்துவிடும். ஓரத்தில் பென்சிலால் போட்ட கணக்கோ காணாமல் போகும். கலர் படத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு நகலில் செய்யுங்கள். 'பின்னிழல்' அழகுதான். ஆனால் அதே கையேட்டில் 'கை நிழல் விழாமல் எடுக்கவும்' என்றும் வருமே, குழம்பாதா?

ம.: எனக்கும் இதே பிரச்சினை. கல்யாண ஆல்பத்தில் வெள்ளையாக ஒரு பட்டை. கறுப்புத் தாள் வைத்தும் போகவில்லை.

செ.: அக்கா, அது பளபளப்பில் விழும் டியூப்லைட். விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுங்கள். த. ஐயா, 'ஊடுதெரிவு' எப்படி?

யோ.: எங்களுக்கு, யாழ்ப்பாணத்தில, தெரிவு எண்டால் தேர்ந்தெடுக்கிறது. தேர்தல் நடத்துறவரே தெரிவத்தாட்சி அலுவலர். வேணுமெண்டால் 'ஊடுதெரிதல்' எண்டு போடுங்கோ.

வி.: எங்கள் பாட்டிக்கு 'ஊடு' புரியாது. 'பின்னெழுத்து' போதும்.

த.: பின்பக்கத்து முத்திரையும் தெரியுமே, அது எழுத்தா?

ம.: பட்டை போய்விட்டது, நன்றி. எங்கள் வீட்டில் 'பின்பக்கம் தெரியுது' என்றுதான் சொல்வோம்.

செ.: அதையே தலைப்பாக வைக்கலாம் போலிருக்கிறது. ஊறிய மைக்கு 'மைக்கசிவு', அதில் மறுப்பில்லை. மற்றதற்கு 'ஊடுதெரிதல்' என்று இப்போதைக்கு எழுதி வைக்கிறேன். வி. ஒப்புக்கொள்ளவில்லை என்பது தெரிகிறது.