காயும் முட்டையும் முதல்ல, சோறு கடைசில: சர்க்கரை குறையுமா, தள்ளிப்போகுமா?

சீரகம்: பொரியலும் முட்டையும் முதல்ல சாப்பிட்டுட்டு அப்புறம் சோறு சாப்பிட்டா சர்க்கரை கம்மியா ஏறும்ங்கிறாங்க. உள்ள போறது அதே சோறுதானே?

வயலோரம்: சோறு அதேதான், இரைப்பையை விட்டு குடலுக்கு இறங்குற வேகம்தான் மாறுது. புரதமும் கொழுப்பும் முன்னாடி போனா இரைப்பை மெதுவா காலியாகும், இன்சுலினைத் தூண்டுற குடல் ஹார்மோனும் சோறு வர்றதுக்கு முன்னாடியே சுரக்கத் தொடங்கிடும். 2015ல நியூயார்க் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிற 11 டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கு கோழியும் காயும் கொடுத்து, 15 நிமிஷம் கழிச்சு ரொட்டியும் ஆரஞ்சு ஜூஸும் கொடுத்தாங்க. ரொட்டி முதல்ல சாப்பிட்ட நாளைவிட 1 மணி நேரத்துல சர்க்கரை சுமார் 37 சதவீதம் கம்மி.

நெல்மணி: வெறும் 11 பேர், அதுவும் ரொட்டி. மாவுச்சத்து 15 நிமிஷம் லேட்டா போனா 1 மணி ரீடிங் குறையத்தானே செய்யும்? 2 மணி நேரத்துல வித்தியாசம் 17 சதவீதமாச் சுருங்கிடுச்சே.

வயலோரம்: நேரக் கணக்கு பத்தின கேள்வி சரிதான். ஆனா 2016ல வந்த ஜப்பான் ஆய்வுல சோறையே வெச்சு 4 மணி நேரம் பார்த்தாங்க. மீனோ இறைச்சியோ முதல்ல, 15 நிமிஷம் கழிச்சு சோறு. அதுலயும் ஏற்றம் குறைஞ்சது, இரைப்பை தாமதமா காலியானது மூச்சுப் பரிசோதனையில தெரிஞ்சது.

மோர்மிளகாய்: அப்போ சாம்பார்ல காய் நிறைய போட்டுப் பிசைஞ்சா போதும். உருளைக்கிழங்கு வறுவலும் காய்தானே?

வயலோரம்: காய் கூடினா நல்லதுதாங்க, ஆனா பிசைஞ்சா ரெண்டும் ஒண்ணாவே இறங்கும். இங்க பேச்சே எது முன்னாடிங்கிறதுதான். உருளைக்கிழங்கைச் சோத்துக் கணக்குல வைங்க. வீட்டுலயே பார்க்கலாம்: பீன்ஸ் பொரியல் 150 கிராம், அவிச்ச முட்டை 2, சோறு 150 கிராம், ரசம். ஒரு நாள் சோத்தோட எல்லாம் சேர்த்து. இன்னொரு நாள் பொரியலும் முட்டையும் முடிச்சு, 10 நிமிஷம் விட்டு ரசம் சோறு. ரெண்டு நாளும் சோத்தோட முதல் கவளத்துலேருந்து 1 மணி, 2 மணி, 3 மணி எண்ணிக் குத்திப் பாருங்க. நெல்மணி சொன்ன ஏமாத்தம் அதுல வராது. சோத்தை எடை போடாம விட்டா சோதனையே வீண். ஒரு கரண்டி கூடினாலே ரீடிங் மாறிடும்.

நெல்மணி: சாப்பிடறதுக்கு முன்னாடி வேகமா வேலை செய்யுற இன்சுலின் போடறவங்க இதைத் தானா செய்யக் கூடாது. ஊசி வேலையைத் தொடங்கிடும், சோறு வந்து சேராது. வேர்வையும் கை நடுக்கமும் வந்தா தாழ் சர்க்கரை. கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறவங்களும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

வயலோரம்: முழுசா ஒத்துக்கிறேன். இரைப்பை ஏற்கெனவே மந்தமா இருக்கிறவங்களுக்கும் இது வேண்டாம்.

சீரகம்: 10 நிமிஷம் காத்திருக்காம உடனே சோறு போட்டுக்கிட்டா?

வயலோரம்: காயை 5 நிமிஷம் மென்னு முடிச்சாலே கொஞ்சம் பலன் இருக்கும்.

நெல்மணி: அவ்வளவு நம்பிக்கை எனக்கில்ல. சோறை 150லேருந்து 100 கிராம் ஆக்கினா இந்தக் காத்திருப்பே தேவைப்படாது.