கலைச்சொல்: ‘டிசைன் கான்செப்ட் ஸ்டேட்மெண்ட்’ தமிழில் எப்படி?

கயல்விழி எழுதியது:

வணக்கம். கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கிறேன். யாத்ரீகர் தங்கும் விடுதி ஒன்றை வடிவமைத்திருக்கிறேன். ஜூரியில் வைக்கும் தாள்களைத் தமிழிலேயே எழுதப்போகிறேன். முதல் தாளில் வரும் கான்செப்ட் ஸ்டேட்மெண்டுக்குத்தான் சொல் அமையவில்லை. ‘வடிவமைப்புக் கருத்துரை’ என்று போட்டேன். இணையத்தில் பின்னூட்டத்தையும் கருத்துரை என்றுதானே சொல்கிறார்கள் என்று தோழி கேட்டாள். அதன் கீழே இப்போது இருக்கும் வாக்கியம்: “ஆன்மிகமும் இயற்கையும் சங்கமிக்கும் அமைதியின் இல்லம்.” தரைத்தள வரைபடத்தை இணைத்திருக்கிறேன்.

பழனியப்பன் எழுதியது:

‘கருத்துரு’ என்று போடுங்கள் அம்மா. ஒப்புதல் கேட்டு மேலிடத்துக்கு அனுப்புவதை அரசு அலுவலகத்தில் அப்படித்தான் எழுதுவோம். மதிப்பீட்டுத் தொகையும் நிலத்தின் புல எண்ணும் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். அவை இல்லாமல் வந்த கோப்புகள் திரும்பிப் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தர்மினி எழுதியது:

ஐயா சொல்வது ப்ரபோசல். கயல் கேட்பது வேறு. எங்கள் இலங்கைப் பாடநூல்களில் கான்செப்ட் என்றால் எண்ணக்கரு, ஸ்டேட்மெண்ட் என்றால் கூற்று. ‘எண்ணக்கருக் கூற்று’ என்று எழுதிவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

இளங்கோ எழுதியது:

எண்ணக்கரு நல்ல சொல்தான், தர்மினி. ஆனால் ஜூரியில் இந்த வாக்கியம் எண்ணத்தைச் சொல்லிவிட்டு நிற்பதில்லை. அடுத்த தாள்களில் உள்ள ஒவ்வொரு முடிவும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கயல், உங்கள் வாக்கியத்தை ஒரு நூலகத்துக்கோ மருத்துவமனைக்கோ வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும். அதை எடுத்துவிட்டாலும் வரைபடத்தில் ஒரு சுவர்கூட நகராது. உண்மையான கான்செப்ட் உங்கள் வரைபடத்தின் மூலையில் சின்ன எழுத்தில் கிடக்கிறது: “விழா நாளில் தாழ்வாரத்திலும் படுக்கலாம்.”

அதை எடுத்துக் கணக்குப் போட்டேன். அறைகளில் 40 பேர். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தின் அகலம் 3 மீட்டர். சுவரில் தலை வைத்துப் படுப்பவருக்கு 1.8 மீட்டர் போனால், முற்றத்தின் ஓரம் 1.2 மீட்டர் நடைவழி மிஞ்சும். சாரல் நடைவழியில்தான் விழும், பெரும்பாலும் படுத்திருப்பவர் மேல் படாது. ஆளுக்கு 75 செ.மீ. என்றால், கதவுகள் போக மீதியுள்ள 60 மீட்டர் சுவரில் 80 பேர் படுக்கலாம். ஆக, சாதாரண நாளில் 40, விழா நாளில் 120. அறை ஒன்றுகூடக் கூட்டாமல் மூன்று மடங்கு. இதைத்தான் அந்த வாக்கியம் சொல்ல வேண்டும்.

சொன்னதும் குறையும் தெரிந்துவிடும். உங்கள் கழிப்பறைகள் 40 பேருக்கு மட்டுமே கணக்கிட்டவை, அதுவும் அறைகளுக்குள். தாழ்வாரத்தில் படுப்பவர் நள்ளிரவில் எங்கே போவார் என்று ஜூரி கட்டாயம் கேட்கும்.

சொல்லுக்கு வருகிறேன். கருதுகோள், எடுகோள் இரண்டும் நமக்குப் பழகியவை. கொண்ட நிலையைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது கருதுகோளிலேயே இருக்கிறது. அதே வழியில் ‘அமைகோள்’ என்றால் என்ன? எதைக் கொண்டு அமைக்கிறோமோ அது.

தர்மினி எழுதியது:

சோதிக்கலாம் என்பது பிடித்திருக்கிறது. ஆனால் கோள் என்றதும் கிரகம் நினைவுக்கு வரும். முதல்முறை பார்க்கும் நடுவருக்கு விளக்கம் சொல்வதிலேயே கயலின் நேரம் போய்விடாதா?

இளங்கோ எழுதியது:

குறிக்கோள் என்றால் யாரும் கிரகத்தை நினைப்பதில்லையே. புழங்கினால் சரியாகிவிடும். ஆனால் முதல் ஜூரியில் தடுமாற்றம் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கயல்விழி எழுதியது:

மாற்றி எழுதினேன்: “நாள்தோறும் 40 பேர் தங்கும் வீடு, விழா நாளில் தாழ்வாரமும் சேர்ந்து 120 பேர் படுக்கும் இடம்.” முற்றத்துக்கு வெளியே தனிக் கழிப்பறைத் தொகுதி ஒன்றையும் சேர்த்துவிட்டேன். விழா இல்லாதபோது அதைப் பூட்டி வைக்கலாம்.

பழனியப்பன் எழுதியது:

ஜூரி என்பது கல்லூரித் தேர்வு என்று இப்போதுதான் புரிந்தது. மதிப்பீட்டை விடுங்கள். ஆனால் பூட்டிவைக்கும் கழிப்பறை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பழைய அலுவலகத்தில் அப்படி ஒன்று இருந்தது. ஆள் போகாவிட்டால் தரை வடிகாலின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும், சாக்கடை வாடை நேராக உள்ளே ஏறும். விழாவுக்கு முதல்நாள் திறந்தபோது ஒருவராலும் நிற்க முடியவில்லை.

இளங்கோ எழுதியது:

மிக முக்கியமான செய்தி, ஐயா. கயல், முழுத் தொகுதியையும் பூட்டாதீர்கள். அறைக் கழிப்பறைகளில் சிலவற்றைக் குறைத்து, அந்த ஆட்களும் வெளித் தொகுதியையே தினமும் பயன்படுத்தும்படி செய்யுங்கள். பூட்டும் பகுதி சிறிதாகிவிடும்; அங்கே வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும். ஆனால் முதியவர்கள் இரவில் முற்றத்தைக் கடந்து போக வேண்டியிருக்கும். அவர்களுக்கு எந்த அறைகளை விட்டுவைப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கயல்விழி எழுதியது:

தொகுதிக்குப் பக்கத்திலுள்ள நான்கு அறைகளை முதியவர்களுக்கு ஒதுக்கி வரைந்து பார்க்கிறேன். தலைப்பில் இப்போதைக்கு ‘அமைகோள்’, அதன் கீழே சின்னதாக ‘வடிவமைப்பின் அடிப்படைக் கருத்து’.

தர்மினி எழுதியது:

என் வாக்கு இன்னும் எண்ணக்கருவுக்குத்தான். நடுவர்கள் எந்தச் சொல்லில் தடுக்கினார்கள் என்று வந்து எழுதுங்கள்.